‘ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்பதற்கு முன்னால் என்ன எழுத வேண்டும்?

அரசு அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், “ஃபைல் மேலே போயிருக்கு” என்பார்கள். அடுத்த மாதம் போனால், “ஃபைல் கீழே வந்திருக்கு” என்பார்கள். மேலேயும் கீழேயும் போய்வருவது காகிதக் கட்டு. அது ஏன் ஒரு முடிவோடு இறங்காமல் வெறுங்கையோடு இறங்குகிறது என்று பார்த்தால், பாதிக்குமேல் காரணம் ஒரே இடத்தில் இருக்கும். கீழே இருந்தவர் எழுதிய குறிப்பைப் படித்து மேலே இருந்தவரால் முடிவெடுக்க முடிந்திருக்காது.

இந்தக் குறிப்பைத்தான் அலுவலகப் பேச்சில் ‘நோட் போடுவது’ என்கிறோம். புதிதாகப் பணியில் சேர்ந்த இளநிலை உதவியாளருக்கு முதல் வாரத்தில் தலைசுற்ற வைப்பது இதுதான். எழுத்து வேலை என்று நினைத்துப் பயப்படுவார்கள். அதில் எழுத்து கொஞ்சம்தான், தேடுவதுதான் அதிகம்.

முதலில் கோப்பு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டு மாவட்ட அலுவலகங்களில் இன்றும் அடிப்படையாக இருப்பது வெள்ளைக்காரர் காலத்து டாட்டன்ஹாம் முறை. ஒரு தபால் வந்தால் பகிர்மானப் பதிவேட்டில் ஏறும். பிறகு அது எந்த இருக்கைக்கு உரியதோ அந்த எழுத்தரிடம் போகும். அவர் தன்னிடம் வரும் தபால்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் அதை ஏற்றி, அந்தத் தபாலுக்குரிய ந.க. எண்ணில் கோப்பு தொடங்குவார். கோப்பில் இரண்டு பகுதி உண்டு. வெளியிலிருந்து வந்த மனு, கடிதம், சான்றிதழ், நாம் அனுப்பிய பதிலின் அலுவலக நகல் எல்லாம் நடப்புக் கோப்பு. அவற்றைப் படித்து அலுவலகத்துக்குள் ஒருவர் இன்னொருவருக்கு எழுதுவது குறிப்புக் கோப்பு. இரண்டிலும் பக்க எண் போடப்படும். பக்க எண் இல்லாத கோப்பில் எவ்வளவு நல்ல குறிப்பு எழுதினாலும் வீண், காரணம் போகப் போகத் தெரியும்.

ஆட்சியர் அலுவலகம் என்றால் எழுத்தர் அல்லது உதவியாளர் எழுதுவார், கண்காணிப்பாளர் பார்ப்பார், அங்கிருந்து நேர்முக உதவியாளர், பொருளைப் பொறுத்து மாவட்ட வருவாய் அலுவலர், கடைசியில் ஆட்சியர். ஆட்சியர் மேசைக்கு ஒரு நாளில் கட்டுக்கட்டாக வரும் கோப்புகளில் இது ஒன்று. அதற்கு அவரால் ஒதுக்க முடிவது சில நிமிடம். எழுத்தர் நான்கு நாள் புரட்டிய கோப்பு அது. அந்த நான்கு நாளைச் சில நிமிடத்துக்குள் அடக்குவதுதான் குறிப்பின் வேலை.

ஒரு உதாரணத்தோடு பார்த்தால் எளிதாகப் புரியும். கருணை அடிப்படையில் பணி நியமனம் கோரும் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பணியில் இருக்கும்போதே இறந்த ஊழியரின் வாரிசு ஒருவருக்கு, குடும்பம் வறிய நிலையில் இருந்தால் அரசு வேலை தரும் திட்டம் இது. இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான நிபந்தனை. நான் பார்த்த சில கோப்புகளைக் கலந்து, தேதிகளை மாற்றி இந்த உதாரணத்தை அமைத்திருக்கிறேன்.

அலுவலகத்தின் பதிவறை எழுத்தர் 14.06.2019 அன்று இறந்துபோகிறார். 04.07.2022 அன்று அவர் மகளிடமிருந்து வேலை கேட்டு விண்ணப்பம் வருகிறது. கோப்பு 64 பக்கம். பிரிவிலிருந்து இப்படி ஒரு குறிப்பு எழுதப்படுகிறது:

“மனுதாரரின் மனு பரிசீலிக்கப்பட்டது. மனுதாரரின் தந்தை இவ்வலுவலகத்தில் பணிபுரிந்து காலமாகியுள்ளார். மனு 3 ஆண்டுக் காலக்கெடு கடந்து பெறப்பட்டுள்ளது. எனினும் தாம் முன்னரே மனு அளித்துள்ளதாக மனுதாரர் தெரிவிக்கிறார். நடப்புக் கோப்பு பக்கம் 1 முதல் 64 வரை பார்வையிடலாம். தக்க ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.”

தமிழில் பிழை இல்லை. மரியாதையும் குறையவில்லை. ஆனால் இதை வாங்கிய நேர்முக உதவியாளர் என்ன செய்ய முடியும்? எத்தனை நாள் தாமதம் என்று இல்லை. ‘முன்னரே’ என்றால் எப்போது? அந்த முதல் மனு உண்மையில் வந்ததா, அப்படி வந்திருந்தால் நாம் என்ன செய்தோம்? ‘எனினும்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு எழுத்தர் நகர்ந்துகொண்டார். 64 பக்கத்தையும் பார்வையிடலாம் என்பது, ‘என் வேலையை நீங்கள் செய்யுங்கள்’ என்று பணிவாகச் சொல்வதுதான். நேர்முக உதவியாளர் ஓரத்தில் ‘பேசவும்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதி, சுருக்கொப்பம் இட்டுத் திருப்பிவிடுவார். கோப்பு கீழே வருகிறது. எழுத்தர் விடுப்பு. கண்காணிப்பாளர் முகாமில். ஒரு மாதம் ஓடிவிடும். அந்தப் பெண் வந்து கேட்டால், “கீழே வந்திருக்கு” என்ற பதில்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, இது முதலாவதைவிடப் பெரியது. மேலே இருப்பவர் அவசரத்தில் ‘காலக்கெடு கடந்து’ என்ற சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு ‘நிராகரிக்கவும்’ என்று எழுதிவிடலாம். அப்போது கோப்பு வேகமாகத்தான் முடியும். ஆனால் பக்கம் 23-இல் இருந்த ஒரு துண்டுச் சீட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, அந்தச் சீட்டுக்கு வருவோம். நல்ல குறிப்பு எழுத உட்காரும் எழுத்தர் முதலில் பேனாவை எடுக்கமாட்டார், தேதிகளை வரிசையாகப் பொறுக்குவார். ‘முன்னரே மனு அளித்தேன்’ என்று அந்தப் பெண் சொல்கிறார். நடப்புக் கோப்பில் அந்த முதல் மனு இல்லை. ஏன் இல்லை? வாரிசுச் சான்றிதழ் இணைக்கவில்லை என்று அலுவலகமே அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மனுவின் அசல், அலுவலக முத்திரையோடு, அவர் கைக்கே போய்விட்டது. நம்மிடம் மிஞ்சியது திருப்பி அனுப்பிய குறிப்பாணையின் அலுவலக நகல், பக்கம் 7-இல். அதை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், எழுத்தர் 2022 மார்ச் மாதப் பகிர்மானப் பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே 21.03.2022 அன்று மனு வந்த பதிவு இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கோப்பில் சேர்த்தால் அது சான்று. சேர்க்காவிட்டால் ‘மனுதாரர் சொல்கிறார்’ என்ற நிலையிலேயே நிற்கும்.

பக்கம் 23-இல் இருந்தது, வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு. தேதி 18.04.2022. நம் குறிப்பாணை 08.04.2022 தேதியிட்டது. அதாவது நாம் சான்றிதழ் கேட்ட பத்தாம் நாளே அந்தப் பெண் விண்ணப்பித்துவிட்டார். சான்றிதழ் கிடைத்தது 27.06.2022 அன்று, 70 நாள் கழித்து. அவர் மறுபடி மனு கொடுத்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. 3 ஆண்டு முடிந்தது 13.06.2022. அதைத் தாண்டி 21 நாள்.

இதையெல்லாம் பொறுக்கிய பிறகு குறிப்பு தானாகவே உருவம் எடுத்துவிடும்:

“1. பொருள்: இவ்வலுவலகப் பதிவறை எழுத்தராகப் பணிபுரிந்து 14.06.2019 அன்று காலமானவரின் மகள் கருணை அடிப்படையில் பணி கோரும் விண்ணப்பம் (ந.கோ. பக்கம் 19).

2. முடிவு செய்ய வேண்டியது: இவ்விண்ணப்பத்தை 3 ஆண்டுக் காலவரம்புக்குள் பெறப்பட்டதாகக் கொள்ளலாமா என்பது.

3. முதல் விண்ணப்பம் 21.03.2022 அன்று பெறப்பட்டது (பகிர்மானப் பதிவேட்டு நகல், பக்கம் 65). காலவரம்பு முடிய அப்போது 84 நாள் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் இல்லை எனக் குறிப்பிட்டு 08.04.2022 அன்று திருப்பப்பட்டது (பக்கம் 7). மனுதாரர் 18.04.2022 அன்று சான்றிதழ் கோரி விண்ணப்பித்துள்ளார் (பக்கம் 23). சான்றிதழ் 27.06.2022 அன்று வழங்கப்பட்டது (பக்கம் 25). விண்ணப்பம் 04.07.2022 அன்று மீள வந்துள்ளது. இத்தேதியைக் கணக்கில் கொண்டால் தாமதம் 21 நாள்.

4. காலவரம்பு குறித்த அரசாணை ‘அ’ ஃபிளாக்கில் உள்ளது. ‘விண்ணப்பிக்க வேண்டும்’ என்ற வரி அடிக்கோடிடப்பட்டுள்ளது. குறைபாட்டுக்காகத் திருப்பப்பட்டு மீள வரும் விண்ணப்பத்துக்கு எந்தத் தேதி என்பது அதில் சொல்லப்படவில்லை.

5. குடும்பத்தின் வறிய நிலை குறித்து வட்டாட்சியர் அறிக்கை இன்னும் பெறப்படவில்லை. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் உள்ளது (பக்கம் 31), கையொப்பங்கள் சரிபார்க்கப்படவில்லை.

6. (1) முதல் விண்ணப்பத் தேதியைக் கொண்டு, காலவரம்புக்குள் வந்ததாக ஏற்று, வறிய நிலை அறிக்கை கேட்கலாம். (2) மீள வந்த தேதியைக் கொண்டு நிராகரிக்கலாம். (3) தெளிவுரை கேட்டு அரசுக்கு எழுதலாம்.

7. மனுதாரர் காலவரம்புக்குள் விண்ணப்பித்ததும், பின்னர் ஏற்பட்ட தாமதம் சான்றிதழ் வழங்க ஆன காலமே என்பதும் பதிவேடுகளில் தெரிவதால், 6(1) பரிசீலிக்கப்படலாம். ஏற்கப்பட்டால் வட்டாட்சியருக்கான வரைவுக் கடிதம் ஒப்புதலுக்கு வைக்கப்பட்டுள்ளது.”

இது முதல் குறிப்பைவிட நீளம்தான். குறிப்பு சுருக்கமாக இருக்க வேண்டும் என்று நடைமுறை நூல்கள் சொல்வதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மனுவில் உள்ளதை அப்படியே திருப்பி எழுதாதே என்பதுதான் அதன் பொருள். படிப்பவருக்குத் தேவையான தேதியை விட்டுவிடு என்று எந்த நூலும் சொல்லவில்லை. மேலே உள்ள குறிப்பைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். முதல் குறிப்பைப் படிக்க அரை நிமிடம், ஆனால் அதற்குப் பிறகு கோப்பைப் புரட்ட அரை நாள்.

இதில் என் கண்ணுக்கு முக்கியமானது இரண்டாம் பத்தி. ‘முடிவு செய்ய வேண்டியது என்ன’ என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால், எழுத்தருக்கே கோப்பு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். வேலை கொடுக்கலாமா வேண்டாமா என்பது இப்போது கேள்வியே இல்லை, அதற்கு இன்னும் பல படிகள் இருக்கின்றன. இப்போதைய கேள்வி எந்தத் தேதி என்பது மட்டும். இந்தப் பிரிப்பைச் செய்யாததால்தான் பல கோப்புகளில் வயது, படிப்பு, காலியிடம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி, படிப்பவரைத் திணறடிக்கிறோம்.

ஐந்தாம் பத்தியை எழுதப் பலருக்குக் கை வராது. ‘சரிபார்க்கப்படவில்லை’ என்று நாமே எழுதினால் நம் வேலையில் குறை என்று ஆகிவிடாதா என்ற பயம். அந்தப் பயத்தை நானும் பட்டிருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், நான் இருந்த ஓர் அலுவலகத்தில், ‘இணைப்புகள் அனைத்தும் சரியாக உள்ளன’ என்று ஒரு கோப்பில் எழுதினேன். இணைப்புகள் இருந்தன, அவ்வளவுதான் நான் பார்த்தது. அதிலிருந்த ஒரு சான்றிதழில் தந்தை பெயர் வேறு. மேலே மூன்று பேர் என் வரியை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பிறகு விளக்கம் கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. ‘இருக்கிறது’ என்பதும் ‘சரியாக இருக்கிறது’ என்பதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தால், அடுத்தவர் அங்கே ஒரு நிமிடம் நின்றிருப்பார்.

ஆறாம், ஏழாம் பத்திகளுக்கு இடையே ஒரு சின்னக் கோடு இருக்கிறது. மூன்று வழிகளையும் சமமாக வைத்த பிறகுதான் பிரிவின் கருத்து வருகிறது. உண்மைகளைச் சொல்லும்போதே கருத்தைக் கலந்துவிடக் கூடாது. ‘வேண்டுமென்றே தாமதித்து’ என்றோ, ‘பாவப்பட்ட குடும்பம்’ என்றோ மூன்றாம் பத்தியில் ஒரு சொல் விழுந்தால், படிப்பவர் எந்தப் பக்கமும் சாயாமல் தேதிகளைப் பார்ப்பது கடினம். அதற்காகக் கருத்தே சொல்லாமல் ‘தக்க ஆணைக்காக’ என்று முடிப்பதும் தப்பு. கோப்பை முழுதாகப் படித்தவர் எழுத்தர் ஒருவர்தான். அவருக்கு ஒரு கருத்து இருக்க வேண்டும், காரணத்தோடு.

அந்தக் கருத்தை மேலே இருப்பவர் ஏற்காமல் போகலாம். போகட்டும். கண்காணிப்பாளருக்கு இரண்டாவது வழிதான் சரி என்று பட்டால், எழுத்தர் குறிப்புக்குக் கீழே தன் காரணத்தை எழுதிக் கையெழுத்திடுவார். மேலே உள்ள குறிப்பைக் கிழிக்கவோ, மேலே காகிதம் ஒட்டி மறைக்கவோ, வேறு எழுதி வாங்கவோ கூடாது. இந்த ஒழுங்கு இருவரையும் காப்பாற்றும். மூன்று வருடம் கழித்துத் தணிக்கையில் கேட்டால், யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்று பக்கம் பேசும். மாற்றுக் கருத்தை எழுதும்போது கோபத்தைக் காட்டக் கூடாது என்பதும் இதில் அடக்கம். ‘பிரிவு விதியைச் சரியாகப் படிக்கவில்லை’ என்பதற்குப் பதில் ‘அரசாணையின் பத்தி இன்னதை இவ்வாறும் பொருள்கொள்ளலாம்’ என்று எழுதினால் போதும். விஷயம் அதே, ஆனால் எழுத்தர் அடுத்த கோப்பில் கருத்துச் சொல்லப் பயப்படமாட்டார்.

இப்போது பல அலுவலகங்களில் இ-ஆபீஸ் வந்துவிட்டது. காகிதம் போய்த் திரை வந்திருக்கிறதே தவிர, முறை பழையதுதான். அதில் மஞ்சள் குறிப்பு என்பது வரைவு, திருத்தலாம், அழிக்கலாம். அதையே பச்சைக் குறிப்பாக்கி அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. தப்பு நேர்ந்தால் அடுத்த குறிப்பில்தான் சொல்ல வேண்டும். பழைய எழுத்தர்கள் சிலர், இதில் ஒட்டி மறைக்க வழியில்லையே என்று வேடிக்கையாகக் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. ஒரு புதுக் குறையும் வந்திருக்கிறது. பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுவது எளிதாகிவிட்டதால், வேறொருவரின் தேதியும் பக்க எண்ணும் அப்படியே புதுக் குறிப்பில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பக்க எண்ணைத் தட்டிப் பார்த்து, சொன்ன காகிதம் அங்கே இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் கண்காணிப்பாளருக்கு இருந்தால் இது உடனே பிடிபடும்.

குறிப்பைப் படிப்பது மேலதிகாரி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தபோது, கோப்புக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டுமா என்று பெரிய வாதம் நடந்தது. கொடுக்க வேண்டியவைதான் என்று மத்திய தகவல் ஆணையம் 2006-இல் சொன்னது. சட்டம் விலக்கு அளித்தவை தவிர மற்றவற்றைக் கொடுக்கலாம் என்று மத்திய பணியாளர் துறையும் 2009-இல் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே அந்தப் பெண்ணே நாளைக்கு ஒரு மனுப் போட்டு இந்தப் பக்கங்களை வாங்கிப் படிக்கலாம். தன் 70 நாள் காத்திருப்பை அலுவலகம் கணக்கில் எடுத்ததா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று. ஆட்சியர் குறிப்பின் கீழ் ‘6(1) ஏற்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே ஆணை ஆகிவிடாது. பஞ்சாபை ஒட்டி அப்போது தனியாக இருந்த பெப்சு மாநிலத்து வருவாய்த் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில் இது நன்றாகத் தெரியும். அவரைப் பணிநீக்கம் செய்ததற்குப் பதில் தண்டனையைக் குறைக்கலாம் என்று வருவாய் அமைச்சர் கோப்பில் எழுதினார். அது ஊழியருக்கு முறைப்படி அனுப்பப்படவில்லை. 1956-இல் அந்த மாநிலம் பஞ்சாபுடன் இணைந்தது, கோப்பு பஞ்சாப் முதலமைச்சரிடம் போய், பணிநீக்கமே உறுதியானது. அமைச்சர் எழுதியதை நம்பி அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். உரியவருக்குத் தெரிவிக்கப்படாத வரை கோப்பில் எழுதியது ஆணை ஆகாது, அதுவரை அதை மாற்ற முடியும் என்று 1962-இல் தீர்ப்பு வந்தது.

அதனால்தான் நம் உதாரணக் குறிப்பின் ஏழாம் பத்தி வரைவுக் கடிதத்தோடு முடிகிறது. ஆட்சியர் ஏற்று எழுதும்போதே வரைவுக்கும் ஒப்புதல் தந்துவிடுவார். இல்லையென்றால் முடிவு கோப்பிலேயே உட்கார்ந்திருக்கும், வரைவு வைக்க இன்னொரு முறை மேலே போய்க் கீழே வரும். கோப்பு பிரிவுக்கு வந்ததும் எழுத்தர் சுத்தப் பிரதி எடுத்து, கையொப்பம் வாங்கி, அனுப்பிய தேதியைத் தன்பதிவேட்டில் எழுதுவார். வட்டாட்சியருக்குப் போகும் கடிதத்தின் ஒரு நகலை மனுதாரருக்கும் போடச் சொல்லி வரைவின் அடியில் ஒரு வரி இருந்தால், அடுத்த முறை அந்தப் பெண் ஃபைல் எங்கே என்று கேட்க அலுவலகம் வரை வர வேண்டியிருக்காது. எந்தத் தேதியில், எந்த எண்ணில், யாருக்குப் போயிருக்கிறது என்பது அவர் கையிலேயே இருக்கும்.